இறால், சிப்பி சாப்பிட்டபின் உடம்பு கோளாறு: ஒவ்வாமையா, நஞ்சா? அறிகுறியை வைத்துப் பிரித்தறியும் வழி

இறாலோ சிப்பியோ சாப்பிட்டு உடம்பு படுத்தினால் நம் வீடுகளில் முதலில் விழும் சொல் "ஒத்துக்கல". அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் கிடக்கின்றன. ஒன்று ஒவ்வாமை: பண்டத்தில் குற்றமில்லை, சாப்பிட்டவரின் உடம்பு அதை ஏற்பதில்லை. இரண்டாவது, கெட்டுப்போன அல்லது சரியாக வேகாத பண்டத்தில் இருந்த கிருமி. மூன்றாவது, சிப்பி கடலில் வடிகட்டித் தின்ற பாசியிலிருந்து அதன் சதையில் சேர்ந்த நஞ்சு. முதலாவதற்கு மருந்து ஊசியில் இருக்கிறது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரே போதும். மூன்றாவதற்கு மாற்று மருந்தே கிடையாது, செயற்கைச் சுவாசம்தான். ஆகவே எது என்று பிரித்தறிவதில்தான் வேலை இருக்கிறது.

இங்கே சிப்பி என்று சொல்வது குமரிக் கடற்கரையில் பாறையிலிருந்து எடுப்பதை, கேரளத்தில் கல்லுமக்காய் என்பதை. கழிமுகத்தில் அள்ளும் மட்டிக்கும் இங்கே சொல்வதெல்லாம் பொருந்தும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்குத் தொடங்கியது? இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் வந்துவிடும். பாசி நஞ்சும் அரை மணியிலிருந்து இரண்டு மூன்று மணிக்குள் வரும். கிருமி வயிற்றுக்குள் போய்ப் பெருகி வேலை காட்டப் பெரும்பாலும் அரை நாளுக்கு மேல் ஆகும். சாப்பிட்ட மறுநாள் தொடங்கிய பேதியை ஒவ்வாமை என்று சொல்ல இடமில்லை.

முதலில் வந்தது எது? அரிப்பா, மரத்துப்போதலா, வயிற்று வலியா? நேரத்தைவிட இதுதான் தெளிவாகப் பிரிக்கும். ஒவ்வாமையும் பாசி நஞ்சும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும், இரண்டும் உதட்டில்தான் தொடங்கும். ஆனால் ஒவ்வாமையில் உதடு அரித்துத் தடிக்கும். நஞ்சில் உதடு பார்வைக்கு அப்படியே இருக்கும், தொட்டால் உணர்ச்சி இருக்காது. பல் பிடுங்க ஊசி போட்டபின் இருக்குமே, அந்த மதமதப்பு.

கூடச் சாப்பிட்டவர்கள் எப்படி இருக்கிறார்கள்? ஒரே சட்டியில் சாப்பிட்ட ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் என்றால் ஒவ்வாமைப் பக்கம் சாயலாம். பலருக்கும் என்றால் பண்டத்தில்தான் கோளாறு. இது துணைச் சான்று மட்டுமே. சிப்பியை ஒருவர் மட்டும் சாப்பிட்டிருந்தால் இந்தக் கேள்வி எதையும் சொல்லாது.

"போன மாசம் சாப்பிட்டேனே, ஒன்றும் ஆகலையே" என்பதைச் சான்றாக எடுக்காதீர்கள். இறால் ஒவ்வாமை முப்பது, நாற்பது வயதில் புதிதாகத் தொடங்குவது வழக்கம்தான்.

## அறிகுறி: மூச்சு இரைக்கிறது, குரல் கம்முகிறது, தலை சுற்றி விழப் பார்க்கிறார்

மேலே உள்ள கேள்விகளை வண்டி வரும்வரை கேட்டுக்கொள்ளலாம். முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள், இலங்கையில் 1990. கூப்பிடும்போது "மூச்சுத் திணறல்" என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள், சாப்பிட்ட கதையைப் பிறகு சொல்லலாம்.

தோலிலும் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். கழுத்து, வயிறு, தொடையின் உட்பக்கம் ஆகியவற்றில் தடிப்பு, உதட்டிலும் கண் இமையிலும் வீக்கம், உள்ளங்கை அரிப்பு. இவற்றில் ஒன்றோடு மூச்சுக் கோளாறோ மயக்கமோ விடாத வாந்தியோ சேர்ந்தால் அது கடும் ஒவ்வாமை. தோலில் ஒன்றுமே தெரியாவிட்டால் ஒவ்வாமை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இறால் ஒவ்வாமை உள்ளவர் என்று முன்பே தெரிந்திருந்து, சாப்பிட்ட சிறிது நேரத்தில் மூச்சு இழுத்தாலோ இரத்த அழுத்தம் விழுந்தாலோ அதுவே போதும்.

மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கம், நடுப்பகுதியில், தசைக்குள் போட வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் 1 மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள ஆம்பியூலாகத்தான் இருக்கும். பெரியவருக்கு அதில் பாதி, 0.5 மில்லி. குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லி, அதாவது 20 கிலோ குழந்தைக்கு 0.2 மில்லி. இந்தக் கணக்கு, போடத் தெரிந்தவருக்கு நினைவூட்ட மட்டும்தான். ஆம்பியூலை உடைத்து அளந்து போடுவது பயிற்சி இல்லாதவர் செய்யும் வேலையல்ல. ஏற்கெனவே ஒவ்வாமை கண்டறியப்பட்டுப் பேனா போன்ற தானியங்கி ஊசி வைத்திருப்பவர் என்றால் நேரம் கடத்தாமல் போடுங்கள். உடைக்கு மேலேயே குத்தலாம். 5 நிமிடம் கழித்தும் தேறவில்லை என்றால் இரண்டாவதையும் போடலாம்.

இங்கே மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதலாவது, அவில் மாத்திரையோ செட்ரிசினோ கொடுத்துவிட்டு "பார்ப்போம்" என்று உட்காருவது. அவை அரிப்பைத் தணிக்கும். மூச்சுக்குழாய் வீக்கத்தையோ விழுந்த இரத்த அழுத்தத்தையோ அவை தொடுவதில்லை. போதாக்குறைக்குத் தடிப்பு மறைவதைப் பார்த்து வீட்டார் நிம்மதியாகிவிடுகிறார்கள். கிளினிக்கில் போடும் அவில், டெக்ஸா ஊசிகளும் அட்ரினலினுக்கு மாற்றில்லை. "அட்ரினலின் போட்டீங்களா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

இரண்டாவது, நடக்க வைத்துக் கூட்டிப்போவது. அழுத்தம் விழுந்தவரை எழுப்பி நிறுத்தினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் நின்று, அந்த இடத்திலேயே உயிர் போன சம்பவங்கள் உண்டு. மல்லாக்கப் படுக்கவைத்துக் காலடியில் தலையணை வையுங்கள். மூச்சு முட்டுகிறது என்றால் காலை நீட்டி உட்காரட்டும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்து, கர்ப்பிணியானால் இடப்பக்கம். வண்டிக்குத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

மூன்றாவது, வாயில் எதையாவது ஊற்றுவது. பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்பார்கள். தொண்டை அடைத்துக்கொண்டு வருபவருக்கு மிளகுக் கஷாயம் புரையேறத்தான் செய்யும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் அப்படியே.

இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டெனொலால், மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அந்த மாத்திரைகள் அட்ரினலினின் வேலையை மழுக்கும், மருத்துவர் வேறு மருந்தும் சேர்க்க வேண்டிவரும்.

ஊசி போட்டதும் தெளிந்துவிட்டால் உடனே வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. சில மணி நேரம் கழித்து, மறுபடி எதுவும் சாப்பிடாமலேயே, இரண்டாவது முறை கிளம்பலாம். குறைந்தது 4 முதல் 6 மணி நேரமாவது மருத்துவமனையில் இருக்க வேண்டும். இரண்டு ஊசி தேவைப்பட்டவர், ஆஸ்துமா உள்ளவர் இரவு தங்குவது நல்லது.

தோலில் ஒன்றுமில்லை, உதடும் விரலும் மரத்திருக்கின்றன, கைகால் தளர்கிறது, அதன்பின் மூச்சு திணறுகிறது என்றால் அது பாசி நஞ்சாக இருக்கலாம். அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: உதடு, நாக்கு, விரல் நுனி மரத்துப்போகிறது

சிப்பி, மட்டி சாப்பிட்டிருந்தால் இந்த ஒரு அறிகுறிக்காகவே மருத்துவமனைக்குப் போகலாம். வலி இல்லை, வாந்திகூட இல்லாமல் இருக்கலாம். அதனால்தான் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள்.

எளிய காரணம், பயம். பதறி வேகமாக மூச்சு வாங்கினாலும் வாயைச் சுற்றியும் விரல்களிலும் சுருக்சுருக்கென்று வரும். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக மூச்சுவிடச் சொன்னால் பத்து நிமிடத்தில் தணியும். தணியவில்லை என்றால் பயத்தின் மேல் பழி போடாதீர்கள்.

அடுத்தது ஒவ்வாமை. வாய்க்குள் அரிப்பு, உதடு தடிப்பு. கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். விரல் நுனி மரக்காது.

மூன்றாவது பாசி நஞ்சு. கடலில் சில நுண்பாசிகள் பெருகும் காலத்தில் சிப்பி அவற்றை வடிகட்டித் தின்று சாக்ஸிடாக்சின் என்ற நஞ்சைத் தன் சதையில் சேர்த்துவைக்கும். சிப்பிக்கு ஒன்றும் ஆகாது. தின்பவருக்கு நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளை அறுந்துபோகும். 1997 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்டு ஏழு பேர் இறந்தார்கள், ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். குமரி மாவட்டத்துக்கு அது எட்டிப்பிடிக்கும் தூரம்தான்.

இறாலில் இந்த நஞ்சு பெரிதாகச் சேர்வதில்லை. வெறும் இறால் மட்டும் சாப்பிட்டவருக்கு உதடு மரத்தால், தட்டில் வேறு என்ன இருந்தது என்று துருவிக் கேளுங்கள். பேத்தை மீனும் இதே மாதிரி நரம்பை மடக்கும்.

பார்க்க வேண்டியவை:

- மரத்துப்போதல் பரவுகிறதா? உதட்டிலிருந்து முகம், கழுத்து, பிறகு விரல், கால்விரல் என்று நகர்வது நஞ்சின் வழி.
- "உடம்பு மிதக்கிற மாதிரி இருக்கு" என்று அவராகவே சொல்கிறாரா?
- இரு கையையும் முன்னே நீட்டச் சொல்லுங்கள். கை தானாகத் தாழ்கிறதா? பேச்சு குழறுகிறதா? தண்ணீர் விழுங்கச் சொல்லிச் சோதிக்க வேண்டாம்.
- ஆழ மூச்சிழுத்து, அந்த ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். நலமாக இருக்கும் பெரியவர் முப்பதைச் சாதாரணமாகத் தாண்டுவார். கால் மணிக்கொரு முறை எண்ண வைத்து எழுதிக்கொள்ளுங்கள். 34, 27, 19 என்று இறங்கிக்கொண்டே வந்தால் மூச்சுத் தசை தளர்கிறது என்று பொருள். நோயாளி அப்போதும் "பரவாயில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்தச் சோதனைகளைச் செய்து முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைக்காதீர்கள். வண்டிக்குச் சொல்லிவிட்டுச் செய்வதற்குத்தான் இவை.

எங்கே போவது? வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்கு. பக்கத்துத் தெரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடப்பதில் பயனில்லை. கடுமையான நஞ்சில் 2 மணியிலிருந்து 12 மணிக்குள் மூச்சு நின்றுவிடலாம். அந்த நேரத்தை இயந்திரம் சுமந்துவிட்டால் சிறுநீர் வழியாக நஞ்சு வெளியேறி, ஓரிரு நாளில் ஆள் எழுந்து உட்காருவார். செயலிழப்பு நிரந்தரமாவதில்லை. ஆகவே பிழைப்பது முழுக்க முழுக்க இயந்திரம் இருக்கும் இடத்தில் அந்த அரை நாளைக் கழிப்பதில்தான் இருக்கிறது.

நோயாளியோடு இருப்பவருக்கு ஒரு விஷயம். கண் மூடி அசைவின்றிக் கிடப்பவர் பெரும்பாலும் நினைவோடுதான் இருப்பார். இமையைத் திறக்கத் தசை இல்லை, அவ்வளவுதான். காதருகே அழுது புலம்பாமல், என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருங்கள். வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுவது இங்கே உண்மையிலேயே உயிர் காக்கும், ஏனென்றால் இதயம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

"நல்லா கொதிக்க வெச்சோமே" என்பார்கள். இந்த நஞ்சு கொதியில் அழியாது, ஃப்ரீசரிலும் அழியாது. அவித்த தண்ணீரில் இறங்கும் என்பதால் சிப்பி சூப் குடித்தவருக்கும் வரும். உயிரோடு இருக்கிறதா என்று ஓட்டைத் தட்டிப் பார்ப்பது செத்துக் கெட்டதைக் கழிக்க உதவும். நஞ்சேறிய சிப்பியோ தட்டினால் திடமாக ஓட்டை மூடிக்கொள்ளும். மணம், நிறம், ருசி எதிலும் வேறுபாடு இராது.

## அறிகுறி: தோலில் தடிப்பும் அரிப்பும் மட்டும்

நம் பாட்டிமார் காணாக்கடி என்பார்களே, அதுதான். மூச்சு, குரல், வயிறு மூன்றும் சரியாக இருந்தால் செட்ரிசின் 10 மில்லிகிராம் ஒரு மாத்திரை பெரியவருக்குப் போதும். தனியாக விடாமல் 4 மணி நேரமாவது பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீர்க் குளியல் கூடாது, அரிப்பைக் கூட்டும்.

இந்த நேரத்தில் இருமல் தொடங்கினால், தொண்டையை அடிக்கடி கனைத்தால், இரண்டு முறை வாந்தி எடுத்தால், மேலே மூச்சு இரைப்பைப் பற்றிச் சொன்ன பகுதிக்குப் போங்கள்.

இறால் உரித்த கை மட்டும் அரிக்கிறது, சாப்பிட்டால் ஒன்றுமில்லை என்பவர்களும் உண்டு. அவர்களுக்குக் கையுறை போதும், ஆனால் ஒரு முறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

முகமும் கழுத்தும் தீயாய்ச் சிவந்து, தலை வலித்து, தடிப்பு அதிகமில்லாமல் இருந்தால் கூடவே சூரை, அயிலை, மத்தி ஏதாவது சாப்பிட்டாரா என்று கேளுங்கள். பனிக்கட்டியில் சரியாக வைக்காத அந்த மீன்களில் ஹிஸ்டமின் சேரும், அதைத் தின்றால் ஒவ்வாமை போலவே தெரியும். "மீன் நாக்கில் சுருக்கென்று காரமாக இருந்தது" என்று சிலர் சொல்வார்கள். செட்ரிசினில் அடங்கும். இதில் மாட்டியவருக்கு வாழ்நாள் முழுக்க இறாலை விலக்க வேண்டிய தேவையே இல்லை. தவறாக முத்திரை குத்தி விலக்கிவைத்திருப்பவர்கள் ஏராளம்.

## அறிகுறி: தோல் சரி, வயிறு சரி, இழுப்பு மட்டும்

ஆஸ்துமா உள்ளவருக்கு வருவது. இறால் அவியும் ஆவியை மூச்சில் இழுத்தாலே இறால் ஒவ்வாமை உள்ள சிலருக்கு இழுப்பு வரும், வாயில் வைக்கவே வேண்டாம். இன்னொரு காரணம், பிடித்த இறாலின் தலை கறுக்காமல் இருக்கத் தூவும் சல்ஃபைட் உப்பு. அளவு மீறித் தூவிய இறாலைச் சாப்பிட்டால் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு அடைக்கும். ஏரியில் பிடித்த இறாலைச் சாப்பிட்டால் ஒன்றுமில்லை, கடையில் வாங்கிய உறைந்த இறாலுக்கு மட்டும் வருகிறது என்றால் பொட்டலத்தில் 223 போன்ற எண்ணோ சல்ஃபைட் என்ற சொல்லோ இருக்கிறதா என்று பாருங்கள்.

வழக்கமாக இழுக்கும் இன்ஹேலரை எடுத்தும் தணியவில்லை என்றால் மேலே மூச்சு இரைப்பைப் பற்றிச் சொன்ன பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: வாந்தி, பேதி மட்டும்

இங்கே கடிகாரம்தான் மருத்துவர்.

1 முதல் 6 மணிக்குள், வாந்தி பலமாக, காய்ச்சல் இல்லை. சமைத்தபின் கை பட்டு, வெளியிலேயே இருந்த பண்டம். காலையில் செய்த இறால் தொக்கு மதியம் வரை மேடையில் இருந்தது என்பதுபோல. கிருமி விட்டுப்போன நஞ்சு சூடு பண்ணினாலும் போகாது. ஒரு நாளுக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வாமையும் முதல் இரண்டு மணிக்குள் வெறும் வாந்தியாகத் தொடங்கலாம். ஆகவே அந்தக் கட்டத்தில் தோலையும் குரலையும் திரும்பத் திரும்பப் பாருங்கள். வேறு சிலருக்கு, ஒவ்வொரு முறை இறால் சாப்பிடும்போதும் சில மணி கழித்து வயிறு சுருட்டி வாந்தி வரும், தடிப்பே இருக்காது, கூடச் சாப்பிட்டவர் நன்றாக இருப்பார். இது ஒவ்வாமையின் இன்னொரு வகை, வழக்கமான ஒவ்வாமைச் சோதனையில் பிடிபடாது. மூன்று முறை ஒரே பண்டத்துக்கு ஒரே மாதிரி நடந்தால் ஒவ்வாமை மருத்துவரிடம் போங்கள்.

பெரும்பாலும் 12 முதல் 24 மணியில், தண்ணீராகப் பேதி, வயிற்றுப் பிடிப்பு, சற்றுக் காய்ச்சல். கடல் நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமி இதில் முதன்மையானது. அரைவேக்காடு ஒரு காரணம். அதைவிட அதிகம் நடப்பது, பச்சை இறால் இருந்த தட்டிலேயே வறுத்ததை எடுத்துவைப்பது. மூன்று நாளில் தானாக நிற்கும்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை 1 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் ஒரு தம்ளரில் கரைப்பது உப்பைக் கூட்டிவிடும், குழந்தைக்கு அது ஆபத்து. பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து. ஒவ்வொரு முறை பேதியானதும் பெரியவருக்கு ஒரு பெரிய தம்ளர், இரண்டு முதல் பத்து வயதுக்கு அரைத் தம்ளர், இரண்டு வயதுக்குக் கீழே கால் தம்ளர். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாக. காய்ச்சலோ இரத்தமோ இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரை வேண்டாம். ஆன்டிபயாடிக்கையும் மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

மருத்துவரிடம் போக வேண்டிய எல்லை: 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, பேதியில் இரத்தம், காய்ச்சல் 102-ஐத் தாண்டுகிறது, எதைக் குடித்தாலும் தங்கவில்லை, மூன்று நாளாகியும் நிற்கவில்லை. சிறு குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் இவ்வளவு காத்திருக்க வேண்டாம்.

கல்லீரல் நோய் உள்ளவர், பல வருடம் குடித்தவர், சர்க்கரை கட்டுக்கடங்காதவர் ஆகியோருக்குத் தனிச் சட்டம். குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்து, காலில் ஊதா நிறத் திட்டோ கொப்புளமோ தெரிந்தால் அந்த மணி நேரத்திலேயே பெரிய மருத்துவமனை. விப்ரியோவில் ஒரு வகை இரத்தத்தில் கலந்து இரண்டொரு நாளில் ஆளை முடித்துவிடும். இறால் கொம்பு கையில் குத்திய காயத்தின் வழியாகவும் இது ஏறும், சாப்பிடாமலேயே.

## ஒரே சாப்பாடு, இரண்டு கோளாறு: ஒரு கணக்கு

நாகர்கோவிலில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு மதியம் 1:30. இறால் வறுவல், சிப்பித் துவட்டல். அப்பா, அம்மா, 24 வயது மகள், மாமா. மகள் சிப்பியைத் தொடவில்லை. காலையில் தலைவலிக்கு ஐபுபுரூஃபென் போட்டிருந்தாள்.

1:50-க்கு மகளுக்கு வாய்க்குள் அரிப்பு. 2 மணிக்குக் கழுத்தில் தடிப்பு. 2:10-க்கு இரண்டு வாந்தி, குரல் கம்முகிறது. மற்ற மூவருக்கும் ஒன்றுமில்லை. இருபது நிமிடம், அரிப்பில் தொடக்கம், ஒருவருக்கு மட்டும், தோலோடு வயிறும் குரலும்: இது கடும் ஒவ்வாமை, அட்ரினலின். முன்பெல்லாம் லேசாக அரிக்கும், அவ்வளவுதான் என்கிறாள். இன்று ஏன் இப்படி? அந்த வலி மாத்திரை. ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின், மது, சாப்பிட்டதும் ஓட்டமோ விளையாட்டோ, இவற்றில் ஒன்று சேர்ந்தால் லேசான ஒவ்வாமை கடுமையாகும்.

மறுநாள் விடிகாலை 3 மணிக்கு அப்பாவுக்குத் தண்ணீர்ப் பேதி. 7 மணிக்கு மாமாவுக்கு. காய்ச்சல் 100. "பாப்பாவுக்கு வந்ததுதான் நமக்கும் வந்திருக்கு" என்று மாமா செட்ரிசின் போடுகிறார். பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல், அரிப்பே இல்லை, இருவருக்கு: இது கிருமி, தேவை ஓ.ஆர்.எஸ். ஒரே வறுவல்தான், கோளாறு வேறு.

இதில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஞாயிறு 2:15-க்கு, சிப்பி சாப்பிட்ட மூவரும் உதடு மரத்ததாகச் சொல்கிறார்கள், மகளுக்கு ஒன்றுமில்லை. அப்போது மூவரையும், "எனக்கு லேசாத்தான் இருக்கு" என்பவரையும் சேர்த்தே, வென்டிலேட்டர் உள்ள இடத்துக்கு ஏற்ற வேண்டும்.

## தேறியபின் செய்ய வேண்டியது

ஒவ்வாமை என்று தோன்றினால், அன்றே மருத்துவமனையில் டிரிப்டேஸ் என்ற இரத்தச் சோதனைக்கு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். தொடங்கிய ஓரிரு மணிக்குள் எடுத்தால்தான் பயன், நாலைந்து மணி தாண்டினால் அளவு இறங்கிவிடும். ஊசியைத் தாமதப்படுத்தி இதை எடுக்கக் கூடாது. தோல் சோதனை 4 முதல் 6 வாரம் கழித்து. இரத்தத்தில் இறாலுக்கு "பாசிடிவ்" என்று வந்ததாலேயே ஒவ்வாமை உறுதியாகாது. இறாலில் உள்ள அதே வகைப் புரதம் கரப்பான்பூச்சியிலும் படுக்கைத் தூசிப் பூச்சியிலும் இருக்கிறது. தூசிக்குத் தும்முபவர் பலருக்கு, இறால் நன்றாக ஒத்துக்கொண்டாலும், சோதனை பாசிடிவ் காட்டும். சாப்பிட்டபோது என்ன நடந்தது என்ற அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இறால் ஒவ்வாமை உறுதியானால் நண்டையும் சிங்கி இறாலையும் சேர்த்து விலக்க வேண்டும். சிப்பி, கணவாய் ஒத்துக்கொள்ளலாம், ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். அதை வீட்டில் ஒரு துண்டு தின்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். மீன் வேறு கணக்கு, அதை விலக்கத் தேவையில்லை. ஸ்கேனுக்கு ஏற்றும் அயோடின் மருந்துக்கும் இறால் ஒவ்வாமைக்கும் தொடர்பில்லை. பொட்டலத்தில் வரும் சம்பல், சட்னிப்பொடி, மீன் மசாலா ஆகியவற்றில் இறால் தூள் இருக்கலாம், படித்துப் பாருங்கள்.

பாசி நஞ்சு என்று சந்தேகம் வந்தால் மீந்த கறியையும் சமைக்காத சிப்பியையும் கொட்டிவிடாதீர்கள். உறையில் கட்டி, தேதியும் வாங்கிய இடமும் எழுதி, "யாரும் தொடாதே" என்று ஒட்டி ஃப்ரீசரில் வைத்து, உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குச் சொல்லுங்கள். அதே பாறையில் எடுத்த சிப்பி அன்றைக்கு இன்னும் பல வீட்டு அடுப்பில் இருக்கும்.